உறைபனியா, உரைபனியா? பலகை எழுதக் கொடுக்குமுன் அகராதியில் எப்படித் தேடுவது

குந்தா_ஓட்டுநர்

எல்லோருக்கும் வணக்கம். உதகை ஏரிப் பக்கத்துக்கும் கல்லட்டி மலைப்பாதைக்கும் அறிவிப்புப் பலகை எழுதக் கொடுக்கப் போறோம். பெயின்டர் நாம கொடுக்கிற தாளைப் பார்த்து அப்படியே எழுதுவார். பிழை இருந்தா அதையும் சேர்த்து எழுதுவார். வாசகம் இதுதான்:

அதிகாலையில் சாலையில் உரைபனி படியும்.
வண்டியை மெதுவாக இரக்கவும்.
ஏறி வரும் வண்டிக்கு வழிவிடவும்.
குரங்குகளுக்கு இறை போடாதீர்.
ஏரிக்கறையில் குப்பை கொட்டாதீர்.
மீறினால் வரும் சேதத்துக்கு நீங்களே பொருப்பு.

இங்கிலீஷ்ல அஃபெக்ட், எஃபெக்ட்னு குழப்பம் வருமே, அதே மாதிரி இங்கே ர வருமா, ற வருமான்னு ஒவ்வொரு வரியிலயும் இடிக்குது. வாயால சொன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்குது. இணையத்துல தேடினா ரெண்டு எழுத்துலயும் பக்கங்கள் வருது. அகராதியில பாருங்கன்னாங்க. ‘இரக்கவும்’னு போட்டேன், ஒண்ணும் வரல. அகராதியை எப்படிப் பார்க்கணும்னு யாராவது சொல்லுங்க.

கோத்தகிரி_டீச்சர்

அஃபெக்ட், எஃபெக்ட் விஷயம் எளிது தம்பி. ஆங்கில அகராதியில் தலைச்சொல்லை ஒட்டியே அது வினையா பெயரா என்று குறி போட்டிருப்பார்கள். ‘ஏ’ எழுத்தில் தொடங்குவது வினை. ‘பனி தேயிலையைப் பாதித்தது’ என்று எழுத நினைத்தால் அதைப் போட வேண்டும். ‘ஈ’ எழுத்தில் தொடங்குவது பெயர். ‘பனியின் விளைவு’ என்றால் அது. ‘தேர்’ என்று ஒலிக்கிற இரண்டும் இப்படித்தான். ‘அவர்களுடைய’ என்ற பொருளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், ‘அங்கே’ என்ற பொருளுக்கு இன்னொன்று. சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், அகராதியின் குறி மிச்சத்தைச் சொல்லிவிடும். பலகையை ஆங்கிலத்திலும் எழுதுகிறீர்களா?

குந்தா_ஓட்டுநர்

தமிழ்ல மட்டும்தான் டீச்சர். ஆங்கிலத்தை ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.

மெய்ப்புநோக்கி

டீச்சர் சொன்னது ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் சரி. ஆனால் ‘ஈ’யில் தொடங்குவது வினையாகவும் வரும். ஒரு மாற்றத்தை நடத்திக் காட்டுவது என்ற பொருளில் அது வினை. ‘ஏ’யில் தொடங்குவது உளவியல் நூல்களில் உணர்ச்சி வெளிப்பாடு என்ற பொருளில் பெயராகவும் வரும். அதனால்தான் நல்ல அகராதிகளில் அவற்றுக்குத் தனிப் பதிவு இருக்கிறது. குறியைப் பார்த்ததோடு நிற்காமல் பொருளையும் படிக்க வேண்டும்.

தமிழில் அந்தக் குறி நம்மைப் பாதி வழியில் விட்டுவிடும். கரை, கறை இரண்டும் பெயர். இரங்கு, இறங்கு இரண்டும் வினை. இரண்டும் செயப்படுபொருள் கேட்காத வினை, அதோடு ஒரே மாதிரி காலம் காட்டுபவை. இரங்கினான், இறங்கினான். ஆக, பெயரா வினையா என்ற கேள்வி இங்கே எதையும் தீர்க்காது. பதிவில் வேறு என்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

முதலில் உங்கள் ‘இரக்கவும்’ ஏன் கிடைக்கவில்லை என்பது. அகராதியில் வினையின் அடிச்சொல்தான் தலைச்சொல்லாக இருக்கும். ‘அவும்’ என்பதைக் கழற்ற வேண்டும். ‘இரக்கவும்’ என்பதில் ‘க்க’வையும் சேர்த்துக் கழற்றினால் ‘இர’ கிடைக்கும். அதன் பொருள் பிச்சை கேட்பது. ‘இரக்க’ என்பது அதன் சரியான வடிவம், ‘நடக்க’ மாதிரி. உங்கள் பலகை ‘வண்டியை மெதுவாகப் பிச்சை கேட்கவும்’ என்று சொல்கிறது. ‘இறக்கு’ என்ற வினையிலிருந்து வந்தால் ‘இறக்கவும்’ என்று ஆகும். அதுதான் நீங்கள் நினைத்தது.

ஆனால் ‘இறக்கவும்’ என்று திருத்தினாலும் எனக்குத் திருப்தி இல்லை. ‘இற’ என்ற வினை இருக்கிறது, சாவது. அதற்கும் ‘இறக்க’ என்றுதான் வடிவம். மலைப்பாதையில் அந்தச் சொல் நிற்பது நல்லதல்ல. ‘மெதுவாக இறங்கவும்’ என்று எழுதினால் ‘இறங்கு’ என்ற ஒரே அடிச்சொல்லுக்குத்தான் போகும். அங்கே ர போட்டுவிட்டால் மனம் இரங்குவது, பரிதாபப்படுவது என்று ஆகிவிடும். ‘செங்குத்தான இறக்கம்’ என்ற பலகையிலும் இதே ஆபத்து. ர போட்டால் கருணை.

தலைக்குந்தா

உறைபனிக்கு நான் சொல்றேன். இங்கே முதல்ல நீர்ப்பனி, அப்புறம் டிசம்பர், ஜனவரியில உறைபனி. இதுல சந்தேகமே வேண்டாம், ற தான். ஒரு சுலபமான வழி இருக்கு. இறந்தகாலம் போட்டுப் பாருங்க. ‘உறைந்தது’ன்னு ந்த் வந்தா ற. ‘உரைத்தான்’னு த்த் வந்தா ர. பதிவைத் திறக்கவே வேண்டாம்.

மெய்ப்புநோக்கி

விடை சரி, வழி பாதிதான் சரி. அந்த வழியை நம்பி வேறு சொல்லுக்குப் போனால் சறுக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறை, உரை இரண்டும்தான் அகராதியை முழுசாகப் பயன்படுத்த வைக்கிற சொற்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. அதை dsal.uchicago.edu தளத்தில் இலவசமாகத் தேடலாம். அச்சுப் பிரதியில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அகரவரிசையில் ற, ன இரண்டும் கடைசி. ‘உரை’க்கும் ‘உறை’க்கும் நடுவே உல, உவ, உழ, உள எல்லாம் வந்து போகும். ஒரு பக்கத்தைப் பார்த்து ‘இந்தப் பொருள் இல்லையே’ என்று மூடிவிடாமல், சில பக்கம் தள்ளி இன்னொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு.

‘உறைபனி’ என்ற கூட்டுச்சொல் எல்லா அகராதியிலும் தலைச்சொல்லாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரித்து முதற்பகுதியைத் தேடுங்கள். உறைந்த பனி, உறைகிற பனி, உறையும் பனி என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. எனவே நமக்கு வேண்டியது வினைப்பதிவு.

ற பக்கத்தில் வினையாக ‘உறை-தல்’ என்றும் ‘உறை-த்தல்’ என்றும் தனித்தனியாக வரும். அந்த ஒற்றெழுத்து மிக முக்கியம். பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும், 4 அல்லது 11. வினை எப்படிக் காலம் காட்டும் என்பதற்கான வகை எண் அது. 4 என்றால் உறைகிறது, உறைந்தது. 11 என்றால் உறைக்கிறது, உறைத்தது. 4ஆம் வகையில் தங்குவது, இறுகுவது ஆகிய பொருள்கள். 11ஆம் வகையில் காரம் நாக்கில் ஏறுவது. மிளகாய் உறைக்கும், பனி உறையும்.

இப்போது ர பக்கம். ‘உரை-த்தல்’ 11, சொல்வது. அதே வடிவில் தேய்ப்பது என்ற பொருளும் உண்டு. பொன்னைக் கல்லில் உரைத்துப் பார்ப்பது அது. இத்தோடு முடியவில்லை. ‘உரை-தல்’ 4 என்று ஒரு பதிவு இருக்கிறது, தேய்ந்துபோவது என்ற பொருளில். கயிறு உரைந்தது. அதாவது ரகரத்துக்கும் ந்த் வரும், றகரத்துக்கும் த்த் வரும். தலைக்குந்தா சொன்ன சோதனை ‘உறைந்தது’ என்று உங்களைக் கொண்டு போகும், ஆனால் அது ர இல்லை என்று அந்த ந்த் நிரூபிக்காது.

தீர்ப்பது பொருள்தான். ஆனால் பொருளைத் தேடும் இடத்தை வகை எண் பாதியாகக் குறைத்துவிடும். பனிக்கு நாம் ‘உறைந்தது’ என்கிறோம், ‘உறைத்தது’ என்பதில்லை. எனவே 4 எண் போட்ட இரண்டு பக்கப் பதிவுகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். ஒருபுறம் தேய்வது, மறுபுறம் இறுகுவது. பனி தேயவில்லை, இறுகுகிறது.

தலைக்குந்தா

‘கயிறு உரைந்தது’ன்னு யாரும் பேசிக் கேட்டதில்லையே. பழைய அகராதியில கிடக்கிற சொல்லுக்காக நல்ல ஒரு சோதனையை விடணுமா?

மெய்ப்புநோக்கி

விட வேண்டாம். அது எங்கே நிற்கும் என்று தெரிந்து பயன்படுத்தினால் போதும். உங்கள் ஆட்சேபத்துக்கு ஏற்ற அகராதியும் இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் முதல் பதிப்பாக வந்தது. பழஞ்சொற்களை விட்டுவிட்டு இன்றைய உரைநடைச் சொற்களை மட்டும் எடுக்கிறது. வினைக்கு எண் போடாமல் வடிவத்தையே கொடுத்துவிடுவார்கள், ‘உறைய, உறைந்து’ என்று. எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். பலகை எழுதுகிறவருக்கு முதலில் அதுவே போதும். அதில் ஐயம் தீராதபோது லெக்சிகனுக்குப் போகலாம்.

அருவங்காடு_சமையல்

தயிருக்கு ‘உறை ஊத்துறது’ன்னு சொல்றோமே, அதுவும் இந்த உறைதானா? இங்கே குளிர்ல பால் சீக்கிரம் உறையாது, உறைமோர் கொஞ்சம் கூடவே விடணும்.

மெய்ப்புநோக்கி

அதேதான் அக்கா. பால் தயிராக உறைவதும் நீர் பனியாக உறைவதும் ஒரே 4ஆம் வகை வினை. உறைமோரை நினைவில் வைத்திருப்பவர்கள் உறைபனியில் ர போட மாட்டார்கள். தலையணை உறை, கத்தி உறை, கிணற்று உறை எல்லாமே ற தான். ஆனால் அவை பெயராகத் தனிப் பதிவில் இருக்கும். மேலே சிறிய எண் போட்டு உறை¹, உறை² என்று பிரித்திருப்பார்கள். முதல் பதிவில் நீங்கள் தேடும் பொருள் இல்லாவிட்டால் கடைசி எண் வரை படியுங்கள்.

கூடலூர்_பஜார்

நீங்க எல்லாம் ஒரே மாதிரி கேட்குதுங்கிறீங்க. எங்களுக்கு அப்படி ஒரு குழப்பமே வராது. கூடலூர், பந்தலூர்ல மலையாளம் பேசுறவங்க யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்க. நதியோட கர வேற, துணியில படுற கற வேற. அரைக்கு அர, ரூமுக்கு அற. நாக்கு வேற இடத்துல போகும். ஏரிக்கரைக்கு ர தான்னு அகராதி இல்லாமலே நான் சொல்லிடுவேன்.

குந்தா_ஓட்டுநர்

அப்போ மலையாளம் தெரிஞ்சவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா அகராதியே வேண்டாமா?

மெய்ப்புநோக்கி

ர, ற விஷயத்தில் அது உண்மையிலேயே நல்ல சோதனை. மலையாளம் இந்த இரண்டு ஒலியையும் இன்றும் பிரித்தே வைத்திருக்கிறது. கன்னியாகுமரித் தமிழிலும் வேறுபாடு கேட்கும். எறிவதற்கு ற, எரிவதற்கு ர, பறவைக்கு ற என்று கூடலூர் நண்பர் சொல்வதெல்லாம் தமிழ் அகராதியோடு பொருந்தும். லெக்சிகன் பதிவிலும் பல இடங்களில் மலையாள, கன்னட, தெலுங்கு இனச்சொற்களைச் சதுர அடைப்புக்குள் கொடுத்திருப்பார்கள். அதே சோதனையை அகராதியே செய்து வைத்திருக்கிறது.

வரம்பு என்ன என்றால், தமிழ்ச் சொல்லுக்கு நிகரான சொல் அந்த மொழியில் அதே பொருளில் புழங்க வேண்டும். இல்லாவிட்டால் சாட்சி கிடைக்காது. கன்னடம் இதற்கு உதவாது. பழங்கன்னடத்தில் ற இருந்தது, பிறகு அந்த எழுத்தே வழக்கொழிந்து ரகரத்தோடு சேர்ந்துவிட்டது.

கேத்தி_படுகன்

படுகு, கோத்தர் மொழி, தோடர் மொழி எல்லாம் பக்கத்துலயே இருக்கு. அதுல பார்க்க முடியாதா?

மெய்ப்புநோக்கி

பார்க்க முடியும், ஆனால் காதால் அல்ல, நூலால். மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து, நீலகிரியில் கோத்தர், தோடர் மொழிகளைக் கேட்டு எழுதியவர். அவரும் பரோவும் சேர்ந்து செய்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இல் வந்தது, திருத்திய பதிப்பு 1984இல். ஒவ்வொரு வேருக்கும் கீழே அது கிடைக்கிற மொழிகளின் சொற்கள், தமிழ், மலையாளம், கோத்தர், தோடர் என வரிசையாக இருக்கும். தோடர் மொழியில் ரகர வகை ஒலிகள் மூன்று. அதனால் அந்த வரிசை வேரைப் பிரித்தறிய உதவும். ஆனால் ஒரு பலகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு தமிழ் அகராதியும் முரண்படும்போது போகலாம்.

கோடை_ஏரிச்சாலை

கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன். எங்க விடுதிப் பலகையில ‘அரை வாடகைக்கு விடப்படும்’னு போட்டிருக்கு. இந்த இழையைப் படிச்ச பிறகு சந்தேகமா இருக்கு. தப்புதானே? மாத்தி எழுதணும்னா முழுப் பலகையும் மாத்தணுமா?

மெய்ப்புநோக்கி

தப்புதான். ‘அரை வாடகைக்கு’ என்றால் பாதி வாடகைக்கு என்று படிப்பதுதான் இயல்பு, வாக்கியமும் அதற்கு இடம் கொடுக்கிறது. அதனால்தான் இந்தப் பிழை மோசம். தங்கும் இடம் அறை. பாதியும் இடுப்பும் அரை. மாவை அரைப்பது ர, ஆணி அறைவது ற. முழுப் பலகையும் வேண்டாம். ‘ரை’யை அழித்து ‘றை’ எழுத இடம் இருக்கிறதா என்று மட்டும் பெயின்டரிடம் கேளுங்கள். ற கொஞ்சம் அகலம் கேட்கும். எழுத்தை நெருக்கினால் ‘அ’வோடு ஒட்டிக்கொள்ளும்.

லவ்டேல்_மாணவி

எனக்குப் புரியாத ஒன்று. போனில் எழுதும்போது சிவப்புக் கோடு வருவதே இல்லை. பிழைதிருத்தி இதையெல்லாம் பிடிக்காதா?

மெய்ப்புநோக்கி

சொல் பட்டியலை மட்டும் பார்க்கிற பிழைதிருத்தி பிடிக்காது. ‘உரை’, ‘இறை’, ‘கறை’, ‘அரை’ எல்லாமே பட்டியலில் உள்ள நல்ல சொற்கள். பிழை சொல்லில் இல்லை, அது நிற்கிற இடத்தில் இருக்கிறது.

பிழை எங்கிருந்து நுழைகிறது என்பதையும் பாருங்கள். ஒலிபெயர்ப்பு விசைப்பலகை பலவற்றில் சிறிய எழுத்து ரகரம், பெரிய எழுத்து றகரம்:

```
urai  -> உரை
uRai  -> உறை
```

அவசரத்தில் பெரிய எழுத்தை யாரும் தட்டுவதில்லை. அதனால் ற வேண்டிய இடத்தில் ர விழும். ‘உரைபனி’, ‘இரக்கவும்’, ‘பொருப்பு’ மூன்றும் அந்தத் திசைப் பிழைகள். மேலே உள்ள வாசகத்தில் ‘இறை’, ‘கறை’ மட்டும் எதிர்த்திசை. அவை விரலின் பிழை அல்ல, ‘ற போட்டால்தான் சரியாக இருக்கும்’ என்ற எண்ணத்தால் வருபவை. தட்டி முடித்த பிறகு ரகரங்களை மட்டும் ஒருமுறை பார்த்துப் போனால் முதல் வகைப் பிழை பெரும்பாலும் அகப்படும்.

தலைக்குந்தா

‘இறை போடாதீர்’ தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? தானியத்தை இறைக்கிறதுன்னு சொல்றோம். கிணத்துல தண்ணி இறைக்கிறோம். குரங்குக்குப் பொரி, கடலையைச் சிதறி வீசுறதும் இறைக்கிறதுதானே? அதுக்கு ற தானே?

மெய்ப்புநோக்கி

நல்ல கேள்வி. நீங்கள் சொல்கிற வினை இருக்கிறது, எழுத்தும் சரி. ‘குரங்குகளுக்குக் கடலை இறைக்காதீர்’ என்று எழுதினால் ற தான். ஆனால் பலகையில் ‘போடாதீர்’ என்பது வினை. அதற்கு முன்னால் நிற்பது எதைப் போடுகிறோம் என்கிற பெயர். ‘இறை’யின் பெயர்ப் பதிவில் கடவுள், அரசன், வரி போன்ற பொருள்கள்தான் வரும். ‘தின்பதற்காகச் சிதறியது’ என்ற பொருளில் பெயர் கிடையாது. ‘இரை’யின் பெயர்ப் பதிவில் விலங்கு, பறவையின் உணவு. டீச்சர் முதலில் சொன்ன வழி இங்கே வேலை செய்கிறது. சொல் பெயரா வினையா என்று பார்த்த உடனே விடை வந்துவிட்டது.

கோத்தகிரி_டீச்சர்

அப்படியானால் ‘உணவு’ என்றே எழுதிவிடலாமே. குழந்தைக்கும் புரியும், ர ற தொல்லையும் இல்லை.

அருவங்காடு_சமையல்

எனக்கும் அதுதான் சரின்னு படுது. இரைன்னா குரங்கு தானே பிடிச்சுத் தின்னுறது மாதிரி இருக்கு.

மெய்ப்புநோக்கி

உணவு என்று போடுவதில் தவறில்லை. கோழிக்கு, மீனுக்கு இரை போடுவது என்று நாம் சொல்கிறோம் என்பதால் இரையும் பொருத்தமே. ஐயம் வரும் இடத்தில் எல்லாம் சொல்லையே மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் ஏரிக்கரைக்கு என்ன செய்வது? அதற்கு மாற்று கிடையாது. அதைத் தெரிந்தே எழுத வேண்டும். ஆற்றங்கரை, கரையோரம், அக்கரை எல்லாம் ர. துருக்கறை, கறைபடிந்த துணி எல்லாம் ற. அக்கரை என்றால் எதிர்க்கரை, அக்கறை என்றால் கவனிப்பு. இதில் பெயர் வினைக் குறி, எண் எதுவும் உதவாது. இரண்டு பதிவின் பொருளையும் படித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கூடலூர்க்காரரைக் கூப்பிட வேண்டும்.

குந்தா_ஓட்டுநர்

பொருப்பு, ஏறி ரெண்டும் மிச்சம்.

மெய்ப்புநோக்கி

ஏறி சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். அகராதி இல்லாமல் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். தமிழில் ற இரட்டிக்கும், ர ஒருபோதும் இரட்டிக்காது. ஏறு என்பதைப் பிறரைச் செய்ய வைக்கிற வினையாக மாற்றுங்கள். ஏற்று, ஏற்றம். இரட்டித்துவிட்டது, எனவே ற. மாறு மாற்று, ஆறு ஆற்று, சோறு சோற்றை, வயிறு வயிற்றில் எல்லாம் அப்படி. நீர் என்றால் நீரை, நீறு என்றால் நீற்றை. ஆனால் இது று என்று முடிகிற சொற்களுக்குத்தான் நன்றாக ஓடும். உறை, கறை, அறை எதுவும் இரட்டிக்காது. அவற்றுக்கு இதை நம்ப வேண்டாம்.

பொறுப்பு, பொறு என்ற வினையிலிருந்து வந்தது. பொறுத்தான், பொறுமை, பொறுப்பு. சுமையைத் தாங்குவது அடிப்பொருள். ‘பொருப்பு’ என்றும் ஒரு சொல் அகராதியில் இருக்கிறது. மலை என்று பொருள். செய்யுளில் வரும். அதனால் இதிலும் பிழைதிருத்தி சும்மா இருந்துவிடலாம்.

கூடலூர்_பஜார்

‘சேதத்துக்கு நீங்களே மலை’ன்னு நீலகிரியிலேயே எழுதி வைக்கிறது சரியா வராது. கண்டிப்பா மாத்துங்க அண்ணே.

குந்தா_ஓட்டுநர்

மாத்திட்டேன். இப்போ வாசகம்:

அதிகாலையில் சாலையில் உறைபனி படியும்.
2வது கியரில் மெதுவாக இறங்கவும்.
ஏறி வரும் வண்டிக்கு வழிவிடவும்.
குரங்குகளுக்கு உணவு போடாதீர்.
ஏரிக்கரையில் குப்பை கொட்டாதீர்.
மீறினால் வரும் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு.

முதல் ரெண்டு வரி கல்லட்டிக்கு மட்டும். 36 கொண்டை ஊசி வளைவுக்கும் ரெண்டாவது கியர்தான் சரி. டீச்சர் சொன்ன மாதிரி உணவுன்னே வெச்சுட்டேன்.

மெய்ப்புநோக்கி

சரி. பெயின்டரிடம் கொடுக்கும் தாளில் ‘பனி’யில் ன என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள். சாலைப் ‘பணி’ நடக்கிறது என்ற பலகைகளை அவர் நிறைய எழுதியிருப்பார். கை பழக்கத்தில் ண போட்டுவிடும். தாளைக் கையால் எழுதாமல் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுங்கள். கையெழுத்தில் ர, கால் வாங்கிய எழுத்து, ற மூன்றும் சில நேரம் ஒன்றுபோல் இருக்கும்.

கேத்தி_படுகன்

இதோட இன்னொண்ணு. உறைபனியில தேயிலை கருகுதா, கறுகுதா? கறுப்பு ற தானே, அப்போ கறுகணும்.

மெய்ப்புநோக்கி

கருகுதல், ர. கரி, கரிய, கருமை, கார்மேகம் என்ற குடும்பம் அது. மலையாளத்திலும் கரியுக, ர தான். கறு, கறுத்தது, கறுப்பு என்பது பக்கத்திலேயே இன்னொரு குடும்பம். பொருள் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ஒன்றின் எழுத்தை மற்றதற்கு மாற்றிப் போட முடியாது. அதற்குத்தான் ஒவ்வொன்றையும் அதன் பதிவில் பார்க்க வேண்டியிருக்கிறது.

லவ்டேல்_மாணவி

அப்படியானால் நிறம் கருப்பா கறுப்பா? பாடப்புத்தகம், நாளிதழ் எல்லாவற்றிலும் இரண்டும் பார்க்கிறேன்.

கோத்தகிரி_டீச்சர்

கறுப்பு. தொல்காப்பியத்திலேயே ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று இருக்கிறது.

தலைக்குந்தா

அது கோபத்தைச் சொல்ற இடம் டீச்சர். நிறத்துக்குக் கருமை, கரியதுன்னு எல்லாம் ர இருக்கும்போது கருப்பு ஏன் தப்பு?

கோத்தகிரி_டீச்சர்

அடுத்த நூற்பாவைப் பாருங்கள். ‘நிறத்துரு உணர்த்தற்கும் உரிய என்ப’. நிறத்துக்கும் அது உரியது என்கிறார்.

தலைக்குந்தா

உரியதுன்னா அதுவும் வரலாம்னுதானே அர்த்தம், அது மட்டும்தான் வரணும்னு இல்லையே.

மெய்ப்புநோக்கி

பழைய வழக்கில் ‘கருப்பு’ என்றால் பஞ்சம். கரும்பு ‘கருப்பஞ்சாறு’ என்று ஆகும்போதும் அந்த வடிவம் வரும். அந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்பதால் நான் நிறத்துக்குக் கறுப்பு என்றே எழுதுகிறேன், மெய்ப்பிலும் அப்படியே திருத்துகிறேன். மலையாளமும் கறுப்பு என்றே வைத்திருக்கிறது. ஆனால் பஞ்சம் என்ற பொருளில் இன்று யாரும் கருப்பு என்று எழுதுவதில்லை. எனவே பொருள் குழம்பும் என்ற வாதம் இன்றைக்கு அவ்வளவு வலுவில்லை. ஒரே புத்தகத்துக்குள் இரண்டும் கலந்து வந்தால் மட்டும் விடமாட்டேன்.

கூடலூர்_பஜார்

கறுப்புன்னு சொல்லும்போது எங்க நாக்குல ற தான் வருது. ஆனா கருப்பட்டிக்கு ர. அது ஏன்னு யாராவது பார்த்துச் சொல்லுங்க.